‘பயன்படுத்தவும்’ என்று எழுதும் முன்: குறிப்புச் சீட்டு எழுதுவோருக்குப் பத்துக் குறிப்புகள்

எங்கள் ஊர் திருவண்ணாமலை. கிரிவலம் போகிற திருவண்ணாமலை இல்லை; ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில், குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள் நிற்கிற திருவண்ணாமலை. புரட்டாசி சனிக்கிழமைகளில் மட்டும் கால் வைக்க இடமிருக்காது, மற்ற நாளெல்லாம் அமைதி. ராஜபாளையத்துக் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் ஆங்கிலத்தில் வரும் விளக்கத்தாள்களைத் தமிழாக்குவது என் தொழில். மோட்டார், தெளிப்பான், மிக்ஸி, பூச்சிமருந்து என்று எது வந்தாலும் செய்வேன்.

போன மாதம் உறவுக்காரர் ஒருவர் கொண்டுவந்த பால்கோவா டப்பாவின் அடியில் இப்படி அச்சிட்டிருந்தது: ‘மூன்று நாட்களுக்குள் பயன்படுத்தவும்.’ பால்கோவாவை வேறு எதற்குப் பயன்படுத்துவார்கள்? சுவரில் பூசவா? ‘மூன்று நாட்களுக்குள் சாப்பிட்டுவிடவும்’ என்று எழுத யாருக்கும் கை வரவில்லை. சிரித்துக்கொண்டே டப்பாவைக் கீழே வைத்தேன். நானே பல வருடங்களாக அந்தச் சொல்லை மூட்டை மூட்டையாக எழுதித் தள்ளியவன் என்பது அப்புறம்தான் உறைத்தது. அதைக் குறைக்க நான் கற்றுக்கொண்டவை இவை. மோட்டார் பலகைக்கு மேலும் மருந்து அலமாரியிலும் ஒட்டும் வீட்டுச் சீட்டுக்கும் பொருந்தும், அச்சில் போகும் கையேட்டுக்கும் பொருந்தும்.

1. ‘பயன்படுத்தவும்’ என்று எழுத வந்ததும் பேனாவை நிறுத்தி, அந்த நேரத்தில் வாசிப்பவரின் கை என்ன செய்யும் என்று கேளுங்கள். கையின் அசைவுக்குத் தமிழில் அநேகமாக ஒரு வினை இருக்கும். ஆங்கிலத்தில் ‘அப்ளை’ என்ற ஒரே சொல் களிம்புக்கும் உரத்துக்கும் பிரேக்குக்கும் பெயின்டுக்கும் வருகிறது. அதை அப்படியே ‘பயன்படுத்தவும்’ ஆக்கும்போது நம்மிடம் இருப்பதையும் இழக்கிறோம். நாம் உரத்தை இடுகிறோம், மருந்தைத் தெளிக்கிறோம், பிரேக்கைப் பிடிக்கிறோம், பெயின்டை அடிக்கிறோம், பசையைத் தடவுகிறோம்.

களிம்பு ஒன்றுக்கே நாலு வினை உண்டு. ‘பூசு’ என்றால் மேலே ஒரு படலமாக விட்டுவிடுவது. ‘தடவு’ என்றால் விரல் லேசாக ஓடுவது. ‘தேய்’ என்றால் அழுத்தி உள்ளே இறங்கச் செய்வது. ‘அப்பு’ என்றால் கனமாக வைப்பது. மூட்டுவலித் தைலத்துக்குத் ‘தேய்’ சரி. தீப்புண் களிம்புக்கு அதே சொல் வந்தால் தோல் உரிந்துவிடும். ‘பாதிக்கப்பட்ட இடத்தில் பயன்படுத்தவும்’ என்ற வரி இரண்டு குழாயிலும் ஒரே மாதிரி இருப்பதால், தைலத்துக்குப் பழகிய கை களிம்பையும் தேய்க்கத்தான் செய்யும்.

சரியான வினை எவ்வளவு சுமக்கும் என்பதை எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாமிக்கு மாலையைச் சாத்துவோம், மனிதர் சூடுவார். ஆண்டாளைச் சூடிக்கொடுத்த சுடர்க்கொடி என்கிறோமே, அந்தக் கதை முழுக்க ‘சூடி’ என்ற சின்னச் சொல்லில் இருக்கிறது. சாத்த வேண்டியதைச் சூடிவிட்டாள், அதுதான் கதை. ‘மாலையைப் பயன்படுத்திக் கொடுத்தவள்’ என்று சொல்லிப் பாருங்கள், கதையே காணாமல் போய்விடும்.

2. ‘இயக்கவும்’ என்ற சொல்லையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ‘பயன்படுத்தவும்’ என்பதைவிட இது ஒரு படி தெளிவு, அவ்வளவுதான். இதில் என் கை சுட்ட கதை உண்டு.

மாடியில் குடியிருப்பவர்களுக்காகப் போர் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேல் ஒரு சீட்டு ஒட்டினேன். ‘பச்சைப் பட்டனைப் பயன்படுத்தி மோட்டாரை இயக்கவும். சிவப்புப் பட்டனைப் பயன்படுத்தி நிறுத்தவும்.’ பார்க்க அழகாகத்தான் இருந்தது. எங்களுடையது சிங்கிள் ஃபேஸ் மோட்டார். ஸ்டார்ட் கெப்பாசிட்டர் வைத்த பெட்டி. பச்சைப் பட்டனை அழுத்தி இரண்டு மூன்று நொடி பிடித்திருக்க வேண்டும். ஆம்ப் மீட்டர் முள் மேலே ஓடிப்போய்ச் சட்டென்று கீழே இறங்கும். இறங்கியதும் கையை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால், தொடக்கத்துக்கு மட்டும் கரன்ட் வாங்க வேண்டிய கெப்பாசிட்டர் தொடர்ந்து வாங்கிச் சூடாகும்.

குடிவந்த பிள்ளை முதல் நாள் காலிங் பெல் மாதிரி ஒரு தட்டுத் தட்டிவிட்டு எடுத்தது. மோட்டார் உறுமிவிட்டு நின்றது. “அங்கிள், ஓடல” என்று கீழே வந்து சொன்னது. “நல்லா அமுக்குப்பா” என்றேன், சாப்பிட்டுக்கொண்டே. அது போய் நல்லாவே அமுக்கியது. தண்ணீர் தொட்டியில் விழும் சத்தம் கேட்கிறவரை அமுக்கியது. பெட்டிக்குள் டப் என்று ஒரு வெடி, பிறகு கருகல் நாற்றம். கெப்பாசிட்டரின் தலை உப்பிப் பிளந்திருந்தது.

தப்பு பிள்ளையுடையது இல்லை. என் சீட்டில் ‘இயக்கு’ இருந்தது. ‘அழுத்து’, ‘பிடி’, ‘விடு’ மூன்றும் இல்லை. இப்போது ஒட்டியிருக்கும் சீட்டு இது:

பச்சைப் பட்டனை அழுத்திப் பிடிக்கவும்.
மீட்டர் முள் மேலே போய்க் கீழே இறங்கும். இறங்கியதும் கையை எடுக்கவும்.
ஐந்து எண்ணுவதற்குள் முள் இறங்காவிட்டாலும் கையை எடுக்கவும். மறுபடி அழுத்த வேண்டாம். கீழே வந்து சொல்லவும்.
மோட்டாரை அமர்த்த, சிவப்புப் பட்டனை ஒரு முறை தட்டவும்.

‘இயக்கவும்’ என்ற சொல்லைத் தலைப்பில் வைத்துக்கொள்ளலாம், ‘மோட்டாரை இயக்கும் முறை’ என்று. படிகளுக்குள் அதற்கு வேலை இல்லை.

3. ‘பயன்படுத்தி’ வரும் இடங்களில் பெரும்பாலும் புது வினையே தேவையில்லை. வேற்றுமை உருபு போதும். ‘ஸ்க்ரூடிரைவரைப் பயன்படுத்தித் திருகைக் கழற்றவும்’ என்பது ஆங்கிலத்தின் ‘யூசிங்’ வேட்டி கட்டி வந்தது. நாம் வீட்டில் ‘ஸ்க்ரூடிரைவரால் கழற்று’ அல்லது ‘ஸ்க்ரூடிரைவரை வச்சுக் கழட்டு’ என்போம். எழுத்தில் ‘ஆல்’, ‘கொண்டு’ இரண்டும் இருக்கின்றன. ‘ஈரத்துணியைப் பயன்படுத்தித் துடைக்கவும்’ என்பது ‘ஈரத்துணியால் துடைக்கவும்’ ஆகும். ‘படிக்கட்டைப் பயன்படுத்தி மேலே செல்லவும்’ என்பது ‘படிக்கட்டு வழியாக ஏறவும்’ ஆகும். என் பழைய தாள்களை எடுத்து எண்ணிப் பார்த்தபோது, நான் எழுதிய ‘பயன்படு’களில் பாதிக்கு மேல் இந்த வகைதான். எளிதாகக் களையக்கூடியதும் இதுதான்.

4. ‘பயன்படுத்தவும்’ அலுத்துவிட்டது என்பதற்காக ‘உபயோகிக்கவும்’, ‘கையாளவும்’, ‘பிரயோகிக்கவும்’ என்று மாற்றுவதில் ஒரு லாபமும் இல்லை. சட்டை மாறியதே தவிர ஆள் மாறவில்லை. ஆங்கிலத்திலும் இதே கூத்து நடக்கிறது. ‘யூஸ்’ சாதாரணமாக இருக்கிறது என்று ‘எம்ப்ளாய்’, ‘யூட்டிலைஸ்’ என்று போடுகிறார்கள். ‘அப்ளை’யும் ‘ஆப்பரேட்’டும் ஏதோ ஒரு செயலைச் சுட்டுகின்றன; ‘எம்ப்ளாய்’ வெறும் மினுக்கு.

விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கென்று எளிய ஆங்கில விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது. ஐரோப்பிய விமானத் தொழில் அமைப்பு 1986-இல் வெளியிட்டது. இப்போது ASD-STE100 என்ற பெயரில் வழங்குகிறது. ஏறக்குறைய 900 பொதுச் சொற்களை மட்டும் அனுமதித்து, ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று கட்டிப்போடும் தொகுப்பு அது. செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது என்பதும் அதன் விதி. அவ்வளவு கறாரான அந்த அகராதியிலேயே ‘யூஸ்’ உள்ளே இருக்கிறது, ‘யூட்டிலைஸ்’தான் வெளியே நிற்கிறது. ஆக, எளிய சொல்லை எடுத்துவிட்டு அதே பொருளில் பெரிய சொல்லை வைப்பது திருத்தம் இல்லை. செயல் தெரிகிற சொல் கிடைத்தால் மாற்றுங்கள். கிடைக்காவிட்டால் ‘பயன்படுத்து’ இருந்துவிட்டுப் போகட்டும்.

5. சில இடங்களில் ஒரு ‘பயன்படுத்தவும்’ தன் வயிற்றுக்குள் ஏழெட்டு வினைகளை விழுங்கி வைத்திருக்கும். அங்கே சொல்லை மாற்றினால் போதாது, வரியையே உடைக்க வேண்டும்.

ஐப்பசி மழைக்குப் பிறகு எங்கள் தெருக் கிணற்றில் தண்ணீர் கலங்கி வந்தது. நாலைந்து நாளில் தெளிந்தது. இனி மருந்து போட வேண்டியதுதான். அடுத்த வீட்டுத் தம்பி மகள், கையில் ஒரு கிலோ ப்ளீச்சிங் பவுடர் பொட்டலமும் மடித்த தாள் ஒன்றுமாக வந்தாள். தாளில், ‘கிணற்று நீரில் தேவையான அளவு ப்ளீச்சிங் பவுடரைப் பயன்படுத்தவும்’ என்று இருந்தது.

“பெரியப்பா, இதை அப்படியே உள்ள கொட்டிரலாமா?”

கேட்டாளே, அதற்கே கும்பிட வேண்டும். கேட்காமல் கொட்டுபவர்கள்தான் அதிகம். பொடியை நேரே கொட்டினால் அதிலுள்ள சுண்ணாம்பு அடியில் போய்த் தங்கும், தண்ணீரின் கடினத்தன்மை கூடும். குளோரினும் மேல் தண்ணீரில் ஒரு மூலையில் மட்டும் நிற்கும்.

முதலில் ‘தேவையான அளவு’ என்றால் எவ்வளவு என்று பார்த்தோம். கிணற்றின் விட்டம் 3 மீட்டர். கயிற்றில் கல் கட்டி இறக்கி, நனைந்த நீளத்தை அளந்ததில் தண்ணீர் 4 மீட்டர் ஆழம் இருந்தது. விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, ஆழத்தால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, நாலால் வகுத்தால் கன மீட்டர் வரும். 3 × 3 × 4 × 3.14 ÷ 4 = 28.26. ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர் என்பதால், கிணற்றில் 28,000 லிட்டருக்குக் கொஞ்சம் அதிகம். ஓரளவு தெளிந்த தண்ணீரானால் 1,000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் நல்ல பொடி என்பது பொதுவான கணக்கு. அப்படியென்றால் எங்கள் கிணற்றுக்கு 70 கிராம் போதும். அவள் கையில் இருந்ததோ ஒரு கிலோ!

‘நல்ல பொடி’ என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. புதுப் பொடியில் குளோரின் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். பொட்டலத்தைப் பிரித்து மூலையில் போட்டால் நாளுக்கு நாள் குறையும். திறந்ததும் மூக்கில் குத்தாத, காற்றில் நமுத்துக் கட்டி தட்டிய பொடியை நம்பி அளவு போட்டுப் பயனில்லை.

பிறகு உட்கார்ந்து சீட்டை எழுதினோம். ஒரு வரிக்கு ஒரு முக்கிய வினை என்று வைத்துக்கொண்டோம்.

70 கிராம் பொடியை நிறுக்கவும்.
பிளாஸ்டிக் வாளியில் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைக்கவும்.
முக்கால் வாளி வரை தண்ணீர் ஊற்றிக் கலக்கவும்.
10 நிமிடம் அசைக்காமல் வைக்கவும். சுண்ணாம்பு அடியில் படியும்.
மேலே தெளிந்த நீரை மட்டும் இன்னொரு வாளிக்கு இறுக்கவும். அடி வண்டலைக் குழியில் கொட்டி மூடவும்.
தெளிந்த நீர் உள்ள வாளியைக் கயிற்றில் கட்டி, கிணற்று நீருக்குள் முங்கும்வரை இறக்கவும்.
வாளியை மேலும் கீழும் பக்கவாட்டிலும் வேகமாக ஆட்டவும்.
ஒரு மணி நேரம் தண்ணீர் இறைக்க வேண்டாம்.

எண்ணிப் பாருங்கள். நிறு, குழை, கலக்கு, படியவிடு, இறு, இறக்கு, ஆட்டு, காத்திரு. எட்டுச் செயல்களை ஒரு ‘பயன்படுத்தவும்’ மறைத்து வைத்திருந்தது. இவற்றில் ஒன்றைத் தவறவிட்டாலும் வேலை கெடும். ராத்திரி செய்துவிட்டு விடிந்ததும் இறைத்தால் ஒரு மணி நேரக் கணக்கு தானாகவே அடங்கிவிடும். பெரிய கிணறாக இருந்து பொடி 100 கிராமைத் தாண்டினால் ஒரே வாளியில் கரைக்காமல் இரண்டு வாளியாகப் பிரிப்பது நல்லது.

ஒரு மணி நேரம் கழித்துக் குளோரின் பார்க்கும் பெட்டியில் சோதிக்கலாம். தண்ணீரில் சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாகும். நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். நிறமே வராவிட்டால் தண்ணீரிலிருந்த அழுக்கே குளோரின் முழுவதையும் தின்றுவிட்டது என்று பொருள், மறுபடி போட வேண்டும். கலங்கல் நீரில் 2.5 கிராம் கணக்கு எடுபடாது என்பதால்தான் தெளியும்வரை நாங்கள் காத்திருந்தோம்.

6. வினையெச்சத் தொடரைக் கண்டால் கவனமாக இருங்கள். தமிழில் ‘குழைத்து, கரைத்து, தெளியவைத்து, இறுத்து ஊற்றவும்’ என்று ஒரே மூச்சில் எழுதிவிடலாம். கேட்க நன்றாயிருக்கும். கையில் வாளியோடு நிற்பவர் கடைசிச் சொல்லான ‘ஊற்றவும்’ மட்டும் பிடித்துக்கொள்வார். இரண்டு எச்சத்துக்கு மேல் போனால் வரியை முறித்துவிடுங்கள்.

7. தோட்ட மருந்துகளில் ‘மரத்துக்கு 200 மில்லி பயன்படுத்தவும்’ என்று இருந்தால் எங்கே, எப்படி என்ற இரண்டு கேள்வியும் தொங்கும். தென்னை டானிக் இதற்கு நல்ல உதாரணம். மரத்துக்கு 200 மில்லி வீதம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கொடுப்பது. தூரில் ஊற்றினால் மண்தான் குடிக்கும். அதை வேரில் கட்ட வேண்டும். மண்ணைப் பறித்து, பென்சில் கனத்தில் உயிருள்ள இளவேர் ஒன்றைத் தேடி, நுனியைச் சாய்வாகச் சீவி, டானிக் உள்ள பாலித்தீன் பைக்குள் அடிவரை நுழைத்து, நூலால் கட்டுவார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் பை வற்றியிருக்க வேண்டும். அப்படியே இருந்தால் வேர் செத்த வேர், வேறு வேர் தேடணும். எங்கள் பக்கத்துத் தோப்புக்காரர் இதை ‘வேர் கட்டுறது’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார். தாளில் ‘வேர் வழியாகப் பயன்படுத்தவும்’ என்று போட்டவருக்கு அந்தச் சொல் காதில் விழவில்லை போலிருக்கிறது.

குருணை மருந்திலும் இதே ஆபத்து. அதை மண்ணில் தூவ வேண்டும். ‘பயன்படுத்தவும்’ என்று மட்டும் இருந்தால் தண்ணீரில் கரைத்துத் தெளிப்பான் நிறைய ஊற்றுபவர் உண்டு. நம் நாட்டில் 1971-இன் பூச்சிக்கொல்லி விதிகள்படி பொட்டலத்துக்குள் வட்டார மொழியிலும் விளக்கத்தாள் வைக்க வேண்டும். நஞ்சின் கடுமையைச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நிறத்தால் காட்ட வேண்டும். நிறத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர், தாளைப் பார்த்து எதைச் செய்வது என்றும் தெரிந்துகொள்ள வேண்டுமே.

8. ‘சுத்தம் செய்யவும்’ என்பது ‘பயன்படுத்தவும்’ என்பதன் ஒன்றுவிட்ட தம்பி. துடை, கழுவு, பெருக்கு, உதறு, ஊது, சுரண்டு, அலசு என்று அதற்குள் பலபேர். மிக்ஸி தாளில் ‘பாத்திரத்தையும் மோட்டார் பகுதியையும் சுத்தம் செய்யவும்’ என்று எழுதி, ஒரு வீட்டில் மோட்டார் பகுதியைக் குழாயடியில் காட்டிவிட்டார்கள். எழுதியவன் நான்தான். பாத்திரத்தைக் கழுவவும், மோட்டார் பகுதியைப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஈரத்துணியால் துடைக்கவும் என்று அடுத்த அச்சில் பிரித்தேன்.

9. ‘பயன்படுத்து’ தேவைப்படுகிற இடமும் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம். முக்கியமாகத் தடை விதிக்கும்போது. கல் உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் வரும் குழாய்க்கு மேல் ‘குடிக்க வேண்டாம்’ என்று ஒட்டினால், யாரும் குடிக்க மாட்டார்கள், அதில் சாம்பார் வைப்பார்கள். இன்வெர்ட்டர் பேட்டரியில் ஊற்றி அதையும் கெடுப்பார்கள். ‘குடிக்கவோ சமைக்கவோ பேட்டரிக்கோ இந்தத் தண்ணீரைப் பயன்படுத்த வேண்டாம்’ என்றால்தான் ஓட்டை அடைபடும். செய்யச் சொல்லும்போது வினை குறுகலாக இருக்க வேண்டும். செய்யாதே என்னும்போது அகலமாக இருக்க வேண்டும். பலவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போதும் அப்படித்தான். ‘டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே பயன்படுத்தவும்’ என்பதில் பிழை இல்லை, ஏனென்றால் அங்கே சொல்ல வந்தது எதை என்பது, எப்படி என்பது இல்லை. எப்படி என்பதற்கு அடுத்த வரியில் ‘மேல் கோடு வரை ஊற்றவும், தாண்ட வேண்டாம்’ என்று வரட்டும்.

கணினியில் எழுதுபவர்கள் Ctrl+F அழுத்தி ‘பயன்படுத்’ என்று ஒற்றோடு நிறுத்தித் தேடினால் பயன்படுத்தவும், பயன்படுத்தி, பயன்படுத்துக எல்லாம் மாட்டும். ‘உபயோக’ என்றும் ஒரு முறை தேடுங்கள். ஆனால் மொத்தமாக மாற்றும் பட்டனைத் தொடாதீர்கள். ஒருமுறை ‘பயன்படுத்த’ எல்லாவற்றையும் ‘இயக்க’ ஆக்கினேன். ‘சோப்புத் தூளை இயக்கவும்’ என்று வந்து நின்றது.

10. எழுதி முடித்ததும், அந்த வேலையை இதுவரை செய்யாத ஒருவர் கையில் சீட்டைக் கொடுத்து, நீங்கள் வாயைத் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். கிணற்றுச் சீட்டை அப்படித்தான் தம்பி மகளிடமே கொடுத்தேன். நிறுத்தாள், குழைத்தாள், முக்கால் வாளி ஊற்றினாள், பத்து நிமிடம் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். ஐந்தாவது வரி வந்ததும் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பெரியப்பா, இறுக்கவும்னு போட்டிருக்கு. எதை இறுக்க?”

அடியில் படியவிட்டு மேல் நீரை மட்டும் எடுப்பதற்கு ‘இறு’ என்பதைவிடக் கச்சிதமான வினை தமிழில் இல்லை என்று நெஞ்சு நிமிர்த்தி எழுதிய வரி அது. என் அம்மா கஞ்சியை இறுத்தாள், கஷாயத்தை இறுத்தாள். ‘இறுத்து’ என்றால் இந்தப் பிள்ளைக்கும் விளங்கியிருக்கும். ‘இறுக்கவும்’ ஆனதும் அவள் கயிற்றைத் தேடுகிறாள். ‘வடிக்கவும்’ என்று மாற்றலாமா என்று யோசித்தேன். துணி கட்டி வடித்தால் கலங்கிவிடும். கடைசியில் பேனாவை வாங்கி, ‘மேலே தெளிந்த நீரை மட்டும் இன்னொரு வாளிக்கு மெதுவாகச் சாய்க்கவும், வெள்ளை வண்டல் வரத் தொடங்கியதும் நிறுத்தவும்’ என்று எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு வாளியைச் சாய்த்தாள்.